1.2 ஜிபி வீடியோவை 100 எம்பிக்குள் அடக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது

கேள்வி: அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை எடிட் செய்து முடித்துவிட்டேன். 1080p, 25 ஃப்ரேம், 6 நிமிடம் 40 நொடி, ஃபைல் 1.2 ஜிபி. வாட்ஸ்அப்பில் போட்டால் முகமே தெரியாத அளவுக்கு மங்கிப் போகிறது. ஜிப் செய்தும் அளவு குறையவில்லை. சொந்தக்காரர்களிடம் இருப்பவை பெரும்பாலும் சாதாரண போன்கள்தான். 100 எம்பிக்குள், பார்க்கிற மாதிரி தரத்தில் கொண்டுவர முடியுமா?

பதில்:

முடியும். நீங்கள் சொன்ன நீளத்துக்கு 100 எம்பி தாராளமான அளவுதான். ஆனால் அதற்கு முன் அந்த மங்கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகச் சுருக்கினாலும் கடைசியில் அதே மங்கல்தான் வரும்.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை அனுப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. கேலரியிலிருந்து எடுத்து அனுப்பினால், அது உங்கள் ஃபைலை அப்படியே அனுப்பாது. போனிலேயே ஒருமுறை சுருக்கி, சுருக்கியதைத்தான் அனுப்பும். நல்ல கேமராவில் எடுத்ததா, வினாடிக்கு எத்தனை பிட் தந்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் பொருட்படுத்தாது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், போன் சூடாகக் கூடாது, டேட்டா மிச்சமாக வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. HD என்று ஒரு பட்டன் இருக்கிறதே என்பீர்கள். அதைத் தொட்டாலும் சுருக்கத்தான் செய்யும், கொஞ்சம் கம்மியாக.

இரண்டாவது வழி, அதே வீடியோவை Document என்று அனுப்புவது. அப்போது வாட்ஸ்அப் ஃபைலுக்குள் கை வைக்காது. ஒரு பிடிஎஃப் போவது போல, பைட் மாறாமல் போகும். 2022இலிருந்து 2 ஜிபி வரை இப்படி அனுப்பலாம். அதாவது உங்கள் 1.2 ஜிபி ஃபைலையே அனுப்பிவிட முடியும். ஆனால் அனுப்பாதீர்கள். வாங்குகிறவரின் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும், போனில் இடம் இருக்காது, பாதிப்பேர் டவுன்லோடே செய்ய மாட்டார்கள். ஆக, சுருக்குகிற வேலையை வாட்ஸ்அப்பிடம் விடாமல் நீங்களே நிதானமாகக் கம்ப்யூட்டரில் செய்து, அந்தச் சின்ன ஃபைலை Document ஆக அனுப்புவதுதான் சரியான வழி.

ஜிப் ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்பி4 ஃபைல் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். பிழிந்து காயப்போட்ட துணியை இன்னொரு தரம் பிழிந்தால் தண்ணீர் வராது. ஜிப்பும் ரார்ரும் ஒரு தகவலையும் இழக்காமல் சுருக்குகிறவை. வீடியோவின் அளவு குறைய வேண்டுமானால் எதையாவது இழந்தே ஆக வேண்டும். எதை இழந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று பார்த்து இழப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்கு ஒன்றே ஒன்று

ஃபைலின் அளவைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: நொடிக்கு எத்தனை பிட் என்கிற பிட்ரேட், வீடியோவின் நீளம். இரண்டையும் பெருக்கினால் அளவு. ரெசல்யூஷன் இந்தக் கணக்கில் நேரடியாக வராது. பிட்ரேட் ஒன்றாக இருந்தால் 1080p வீடியோவும் 480p வீடியோவும் ஒரே அளவுதான் வரும். இதைப் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் அப்படித்தான்.

உங்கள் வீடியோவையே எடுத்துக்கொள்வோம். 6 நிமிடம் 40 நொடி என்றால் 400 நொடி. 1.2 ஜிபி என்பது 1200 எம்பி. பைட்டை பிட் ஆக்க 8ஆல் பெருக்கினால் 9600 மெகாபிட். 400ஆல் வகுத்தால் நொடிக்கு 24 மெகாபிட். எடிட்டிங் மென்பொருள் எக்ஸ்போர்ட் செய்யும்போது தானாகவே இப்படித் தாராளமாக வைத்துக்கொள்கிறது. பத்திரப்படுத்தி வைக்கவும் யூடியூபில் ஏற்றவும் அது சரி. போன் திரைக்கு இது ரொம்ப அதிகம்.

இப்போது திருப்பிப் போடுவோம். 100 எம்பி வேண்டும். 100ஐ 8ஆல் பெருக்கி 400ஆல் வகுத்தால் நொடிக்கு 2 மெகாபிட், அதாவது 2000 கிலோபிட். இதில் ஒலிக்கு 128 கிலோபிட் போகும். ஃபைலுக்குள் இருக்கும் அட்டவணை போன்ற சில்லறைச் செலவுக்கும் கொஞ்சம் விடவேண்டும். மிச்சம் படத்துக்கு 1850 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் 99 எம்பிக்குச் சற்றுக் குறைவாக வரும்.

இந்த 1850தான் உங்கள் கையில் இருக்கும் மொத்தக் காசு. எப்படிச் செலவு செய்வது என்பதில்தான் ரெசல்யூஷன் வருகிறது. நொடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்குச் சராசரியாக 74 கிலோபிட், ஏறத்தாழ 9 கேபி. 1080p படம் ஒன்றில் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. 720p படத்தில் 9 லட்சத்து 21 ஆயிரம்தான். அதே 9 கேபியை 20 லட்சம் புள்ளிக்குப் பங்கு போட்டால் எல்லாமே அரைகுறையாகும். அசைவு வந்ததும் கட்டம் கட்டமாக உடையும். 9 லட்சத்துக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். ஆறு அங்குலத் திரையில் நல்ல 720pக்கும் 1080pக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். உடைந்த 1080pஐ யாரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தோராயமாக ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், எல்லாப் போனிலும் ஓடும் H.264 என்ற சுருக்கும் முறையில், 25 அல்லது 30 ஃப்ரேமுக்கு, 720p நன்றாக இருக்க 1500 முதல் 2500 கிலோபிட் வேண்டும். 1080pக்கு 3500இலிருந்து 5000. 480p என்றால் 700 முதல் 1000 போதும். உங்களுடைய 1850 எந்த வரிசையில் உட்காருகிறது என்று பார்த்தாலே ரெசல்யூஷன் முடிவாகிவிடுகிறது: 720p.

எங்கே பிட் கரைகிறது

H.264 ஒவ்வொரு படத்தையும் முழுசாகச் சேமிப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப்படம். அதற்குப் பிறகு வருகிற படங்களில் என்ன மாறியது, எது எங்கே நகர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார், கேமரா ஸ்டாண்டில் இருக்கிறது என்றால் மாறுவது வாயும் கையும்தான். செலவே இல்லை. ஆரம்பத்தில் பழைய போட்டோக்களைக் காட்டியிருப்பீர்கள். அதற்கும் செலவு குறைவு.

கலசாபிஷேகக் காட்சிக்கு வாருங்கள். தலைக்கு மேல் தண்ணீர் கொட்டுகிறது, ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில் இருக்கிறது. பின்னால் ஹோமப் புகை. பட்டுப்புடவைச் சரிகை மின்னுகிறது. நாலு பேர் பூ தூவுகிறார்கள். போட்டோகிராபரின் ஃப்ளாஷ் வேறு. முந்தைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, எல்லாம் புதுசு. தாத்தா பேசுகிற 30 நொடிக்கும் இந்த 30 நொடிக்கும் ஒரே அளவு பிட் தந்தால், அங்கே வீணாகும், இங்கே உடையும்.

அதனால்தான் இரண்டு தடவை ஓடும் முறை வேண்டும் என்கிறேன். முதல் ஓட்டத்தில் மென்பொருள் படம் முழுவதையும் பார்த்து எந்த இடம் கஷ்டம், எது சுலபம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது ஓட்டத்தில் தாத்தாவிடமிருந்து மிச்சம் பிடித்துக் கலசத்துக்குக் கொடுக்கும். மொத்தம் 1850இன் சராசரிக்குள்ளேயே நிற்கும். நேரம் கூடுதலாகும், ஆறு நிமிட வீடியோவுக்கு அது பெரிய விஷயமில்லை.

எடிட்டில் நீங்கள் சேர்த்த சில அலங்காரங்களும் பிட்டைத் தின்னும். பழைய படம் மாதிரி தெரிவதற்காகப் போடும் புள்ளிப் புள்ளியான கிரெயின், திரை முழுக்க மினுமினுத்து விழும் தங்கத் துகள், நீண்ட டிசால்வ் மாற்றங்கள் எல்லாம் அந்த ரகம். கிரெயினுக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் புதுசு, ஆகவே தண்ணீருக்கு ஆகிற செலவு அதற்கும் ஆகும். ஆனால் சுருக்கிய பிறகு கிரெயின் தெரியாது, அழுக்கு மாதிரிதான் தெரியும். அனுப்புகிற பதிப்பில் மட்டும் அதை எடுத்துவிட முடியுமானால் எடுத்துவிடுங்கள். இது என் சொந்த அபிப்பிராயம்: தங்கத் துகளை எல்லாப் பதிப்பிலிருந்தும் எடுக்கலாம்.

ஹேண்ட்பிரேக்கில் செய்வது

ஹேண்ட்பிரேக் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விளம்பரமோ வாட்டர்மார்க்கோ இல்லை. வீடியோவைச் சுருக்கித் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன, 1.2 ஜிபியை மேலே ஏற்றி, வீட்டு விசேஷத்தை முன்பின் தெரியாத சர்வரில் வைத்து, மறுபடி இறக்கிக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல்.

ஃபைலை உள்ளே இழுத்துப் போட்டதும் Presets பட்டியலில் Fast 720p30 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. Summary பக்கத்தில் Format என்பது MP4 ஆக இருக்கிறதா பாருங்கள், Web Optimized என்பதை டிக் செய்யுங்கள். இது ஃபைலின் அட்டவணையை முன்னால் கொண்டுவந்து வைக்கும். பிறகு எப்போதாவது லிங்காகப் பகிர்ந்தால், முழுதும் இறங்கும் முன்பே ஓட ஆரம்பிக்கும்.

Video பக்கம்தான் முக்கியம். Video Encoder என்ற இடத்தில் H.264 (x264) இருக்கட்டும். Framerate என்பதில் Same as source வைத்து, பக்கத்தில் Constant Framerate என்பதைத் தேர்ந்தெடுங்கள். 25 ஃப்ரேம் வீடியோவை 30 ஆக்கினால் சில படங்கள் இரட்டிக்கப்பட்டு ஓட்டம் தடுக்கும், எந்த லாபமும் இல்லை. Quality பகுதியில் முதலில் Constant Quality தேர்வாகி இருக்கும். அதை விட்டு Avg Bitrate என்பதைத் தொட்டு 1850 என்று எழுதுங்கள். அதன் கீழே Multi-Pass Encoding என்பதை டிக் செய்யுங்கள். பழைய பதிப்புகளில் இது 2-Pass Encoding என்று இருக்கும். Encoder Preset என்ற நகர்த்தியை Slow வரை கொண்டுபோங்கள். மெதுவாக ஓடும், ஆனால் அதே பிட்டில் மேலும் நல்ல படம் கிடைக்கும். அதற்கு மேல் தள்ளினால் நேரம்தான் போகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

உங்கள் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் NVEnc, QSV என்றெல்லாம் என்கோடர் பட்டியலில் தெரியும். அவை மின்னல் வேகத்தில் முடிக்கும். ஆனால் இவ்வளவு குறைந்த பிட்ரேட்டில் x264ஐ Slow இல் ஓட்டிக் கிடைக்கும் தரம் அவற்றில் பொதுவாக வராது. ஒரே ஒரு வீடியோதானே, டீ குடித்துவிட்டு வாருங்கள்.

Audio பக்கத்தில் Codec என்பது AAC, Bitrate 128, Mixdown என்பது Stereo. எடிட்டரிலிருந்து 320இல் வந்திருந்தால் 400 நொடிக்கு ஒலி மட்டும் 16 எம்பி ஆகியிருக்கும். 128இல் 6.4 எம்பிதான். இதற்கும் கீழே 64க்குப் போகலாமா என்றால், பேச்சு தாங்கும், நாதஸ்வரமும் தவிலும் தாங்காது. மேல் ஸ்தாயியில் கரகரவென்று ஒரு தகர ஒலி வந்து சேரும். மூன்று எம்பி சொச்சம் மிச்சம் பிடிக்க மங்கள இசையைக் கெடுக்க வேண்டாம்.

உடனே Start Encode அழுத்தாதீர்கள். மேலே Range என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் Seconds தேர்ந்தெடுத்து, கலசாபிஷேகம் வருகிற 30 நொடியை மட்டும் கொடுங்கள். அந்தத் துண்டு மட்டும் 7 எம்பி சொச்சத்தில் வரும். அதை உங்கள் போனுக்கு மாற்றி, போனிலேயே முழுத்திரையில் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் பார்த்து முடிவு செய்தால் தேவையில்லாமல் பயந்துவிடுவீர்கள். இந்தச் சோதனையில் ஒரு சௌகரியம் உண்டு. முழு வீடியோவில் இந்தக் காட்சி மற்ற இடங்களிலிருந்து பிட் கடன் வாங்கிக்கொள்ளும். தனியாக ஓட்டும்போது கடன் வாங்க ஆளில்லை, சராசரி 1850க்குள்ளேயே சமாளித்தாக வேண்டும். ஆகவே இங்கே பார்க்கும்படி இருந்தால், முழுதாக ஓட்டும்போது இதைவிட நன்றாகவே இருக்கும்.

பார்க்கும்போது எதைக் கவனிப்பது? அசையாத முகத்தை வைத்து எடை போடாதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் கொட்டும்போது பின்னால் இருக்கும் முகங்கள் மெழுகு மாதிரி வழுவழுவென்று ஆகிறதா, புகையில் சதுரம் சதுரமாகத் தெரிகிறதா, இருட்டான மூலையில் கருப்பு அலை அலையாக அசைகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று கண்ணை உறுத்தினால் பிட் பற்றவில்லை என்று அர்த்தம். அப்போது பிட்ரேட்டைக் கூட்டுங்கள், அல்லது ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள்.

இருட்டில் எடுத்த காட்சிகளில் இன்னொரு வழியும் உண்டு. குறைந்த வெளிச்சத்தில் படம் முழுக்கப் புழு நெளிவது போல ஒரு இரைச்சல் இருக்குமே, அதுவும் கிரெயின் மாதிரியே பிட்டைத் தின்னும். Filters பக்கத்தில் Denoise என்பதில் NLMeans, Preset என்பதில் Ultralight வைத்தால், அந்த இரைச்சலில் ஒரு பகுதி போய், அதற்குச் செலவான பிட் முகங்களுக்குக் கிடைக்கும். Medium, Strong என்று போகாதீர்கள், அம்மாவின் முகச் சுருக்கமும் சேர்ந்து போய்விடும்.

துண்டு திருப்தியாக இருந்தால் Range என்பதைப் பழையபடி முழுதுக்கும் மாற்றி ஓட்டுங்கள். ஓட்டியபின் வந்த ஃபைலை வேறு பெயரில் வையுங்கள். 1.2 ஜிபி மூலத்தை அழித்துவிடாதீர்கள். பிற்பாடு வேறு அளவு தேவைப்பட்டால், மூலத்திலிருந்துதான் மறுபடி செய்ய வேண்டும். சுருக்கியதை மறுபடி சுருக்கினால், முதல் சுருக்கத்தில் விழுந்த கட்டங்களையும் படத்தின் விவரம் என்று நினைத்து அதற்கும் பிட் செலவழிக்கும்.

Constant Quality ஏன் வேண்டாம் என்றேன் என்றால், உங்களுக்கு 100 எம்பி என்று ஓர் எல்லை இருக்கிறது. அந்த முறையில் RF என்ற எண்ணைத் தருவீர்கள். தரம் அதன்படி நிலையாக இருக்கும், அளவு என்ன வரும் என்று ஓட்டி முடிக்கும்வரை தெரியாது. எண் கூடக்கூட ஃபைல் சிறிதாகும். 6 கூட்டினால் ஏறக்குறையப் பாதியாகும். எல்லை ஒன்றும் இல்லை, சும்மா சிறிதாக இருந்தால் போதும் என்கிறபோது 720pக்கு RF 22 அல்லது 23 வைத்து ஓட்டுவது சுலபமான வழி.

கட்டளை எழுதிப் பழக்கம் உள்ளவர் என்றால் இதே வேலையை எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டு வரியில் முடிக்கலாம்:

```
ffmpeg -y -i vizha.mp4 -vf scale=-2:720 -pix_fmt yuv420p -c:v libx264 -preset slow -b:v 1850k -pass 1 -an -f null -
ffmpeg -i vizha.mp4 -vf scale=-2:720 -pix_fmt yuv420p -c:v libx264 -preset slow -b:v 1850k -pass 2 -c:a aac -b:a 128k -movflags +faststart vizha_720.mp4
```

முதல் வரி ஃபைல் எதையும் தராது, குறிப்பு மட்டும் எடுக்கும். வேலை முடிந்ததும் ஃபோல்டரில் ffmpeg2pass என்று ஆரம்பிக்கும் குறிப்பு ஃபைல்கள் கிடக்கும், அழித்துவிடலாம். செங்குத்தாக எடுத்த வீடியோவாக இருந்தால் scale=720:-2 என்று மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் அகலம் 406 என்று ஒடுங்கிப் போய்விடும்.

H.265 ஆசை

இதே தரத்தை, H.264க்கு அடுத்து வந்த H.265இல் இன்னும் சிறிய ஃபைலில் பெறலாமே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையும். ஆனால் சாதாரண போன்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பழைய போன்களிலும் பழைய கம்ப்யூட்டர்களிலும் H.265 ஃபைலைத் திறந்தால் சத்தம் வரும், படம் கருப்பாக நிற்கும். அல்லது நாலு நொடிக்கு ஒருமுறை நகரும். அதைத் திறக்கத் தெரியாமல் பெரியப்பா உங்களைக் கூப்பிடுவார். பத்து பேருக்கு அனுப்பும் ஃபைல் பத்து பேரிடமும் ஓட வேண்டும், அதற்கு H.264தான். உங்கள் ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளும் பிரதிக்கு H.265 நல்லது.

இதே காரணத்துக்காகத்தான் மேலே கட்டளையில் yuv420p என்று எழுதினேன். சில எடிட்டர்கள் 10 பிட் வண்ணத்தில் எக்ஸ்போர்ட் செய்யும். அதை அப்படியே 10 பிட் H.264 ஆக்கினால் பெரும்பாலான போன்களில் ஓடாது. ஹேண்ட்பிரேக்கில் நான் சொன்ன H.264 (x264) என்கோடரைத் தேர்ந்தெடுத்தால் 8 பிட்டில்தான் வரும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

அனுப்புவது

ஆண்ட்ராய்டில் பேப்பர் கிளிப் அடையாளத்தைத் தொட்டு, Gallery என்பதை விட்டுவிட்டு Document என்பதற்குப் போங்கள். வீடியோ இருக்கும் ஃபோல்டரைத் தேடித் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் ஃபைல் போட்டோ ஆப்பில் இல்லாமல் Files ஆப்பில் இருப்பது வசதி. அங்கேயும் Document வழியாகவே போக வேண்டும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் அங்கிருந்தே Document என்று தேர்ந்தெடுத்து ஏற்றலாம், போனுக்கு மாற்றும் வேலை மிச்சம். ஃபைலை இழுத்துப் போட்டுவிட்டு எப்படிப் போகிறது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், மெனு வழியாகவே போங்கள்.

எப்படிப் போனது என்று தெரிந்துகொள்வது சுலபம். Document ஆகப் போயிருந்தால் சாட்டில் ஃபைலின் பெயரும், கீழே 99 எம்பி, MP4 என்பது மாதிரி அளவும் தெரியும். பெரிய முன்படமும் நடுவில் ஓட்டும் பட்டனும் மட்டும் தெரிந்தால், வீடியோவாகப் போயிருக்கிறது, அதாவது மறுபடி சுருக்கப்பட்டிருக்கிறது. முதலில் வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, அவர் போனில் இறங்கிய ஃபைலின் அளவு உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். விண்டோஸ் 1024இன் கணக்கில் காட்டுவதால் அங்கே 94, 95 என்று தெரியலாம். அதற்காகக் குழம்ப வேண்டாம். சரியாக இருந்தால் அந்தச் செய்தியையே மற்ற குழுக்களுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மறுபடி 99 எம்பி ஏற்ற வேண்டியதில்லை.

ஃபைலுக்குப் பெயரும் ஒழுங்காக வையுங்கள். final_final2.mp4 என்று போனால், Document ஆகப் பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்துத் திறக்கவே மாட்டார். Arubathaam Kalyanam.mp4 என்றிருந்தால் திறப்பார்.

100 எம்பியும் அதிகம் என்பவர்களுக்கு

கிராமத்தில் சிக்னல் சரியில்லாத இடத்தில் இருப்பவருக்கு 100 எம்பியும் பாரம்தான். அவருக்காக முழு வீடியோவையும் 16 எம்பிக்குள் அழுத்த நினைக்காதீர்கள். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 16ஐ 8ஆல் பெருக்கி 400ஆல் வகுத்தால் 320 கிலோபிட். ஒலிக்கு 64 எடுத்தால் படத்துக்கு 256. எந்த ரெசல்யூஷனில் வைத்தாலும் கலசாபிஷேகம் கஞ்சியாகத்தான் தெரியும். அதைவிட நீளத்தைக் குறையுங்கள். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, கலசம், கடைசியில் குடும்பப் படம் என்று 90 நொடிக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். 16 எம்பியை 90 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு 1400 கிலோபிட்டுக்கு மேல் வருகிறது. ஒலிக்கு 128 போக, படத்துக்கு 1250 வைக்கலாம். 720pக்குச் சற்று நெருக்கடி, 540 உயரத்தில் தெளிவாக இருக்கும். ஹேண்ட்பிரேக்கில் Dimensions பக்கத்தில் Resolution Limit என்பதை Custom ஆக்கி 960, 540 என்று கொடுக்கலாம்.

கம்ப்யூட்டரே இல்லை, போனில்தான் எடிட் செய்தேன் என்றால், தனியாகச் சுருக்கும் ஆப் தேடுவதற்கு முன் அந்த எடிட்டிங் ஆப்பிலேயே மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பெரும்பாலான ஆப்களில் எக்ஸ்போர்ட் திரையில் ரெசல்யூஷன், ஃப்ரேம் எண்ணிக்கை, சிலவற்றில் பிட்ரேட்டும் மாற்ற இடம் இருக்கும். 720p, 25 ஃப்ரேம், பிட்ரேட் 2 மெகாபிட்டுக்கு அருகில் வையுங்கள். போன்கள் இரண்டு ஓட்டம் ஓடாது, ஆகவே அதே அளவில் கம்ப்யூட்டரில் கிடைத்த தரம் கிடைக்காது. ஈடுகட்ட 2.5 மெகாபிட் வரை போனால் ஃபைல் 125, 130 எம்பி ஆகும். அதையும் Document ஆக அனுப்பலாம்.

டிவியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் ஒன்றிரண்டு பேருக்கு இந்த 720p போதாது. அவர்களுக்கு அந்த 1.2 ஜிபியையே கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள். ஆனால் லிங்கைத் தொட்டதும் டிரைவிலேயே ஓடுவதைப் பார்க்காமல், டவுன்லோடு செய்து பென் டிரைவில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவும் தன் பங்குக்குச் சுருக்கித்தான் ஓட்டிக் காட்டும்.